ஒரே சுவராக இல்லாத உருளை: சூடேற்றிப் பொருத்தும்போது பிறக்கும் அழுத்தமும் தகைவுகளும்

உள் ஆரம் 50 மி.மீ., வெளி ஆரம் 100 மி.மீ. கொண்ட ஓர் எஃகு உருளைக்குள் 200 மெகா பாஸ்கல் அழுத்தத்தில் திரவம் இருக்கிறது என்று கொள்வோம். பிரெஞ்சுக் கணிதவியலாளர் காப்ரியேல் லாமே 19ஆம் நூற்றாண்டில் தந்த சமன்பாடுகளின்படி, உருளையின் உட்பரப்பில் சுற்றளவுத் திசையில் எழும் இழுவிசைத் தகைவு 333 மெகா பாஸ்கல். வெளிப்பரப்பிலோ அது வெறும் 133தான். உட்புற உலோகம் தாங்க முடியாமல் திணறும்போது வெளிப்புற உலோகம் பாதிச் சுமைகூட இல்லாமல் இருக்கிறது. சுவரை இன்னும் தடிமனாக்கினால் போதாதா என்று கேட்கலாம். வெளி ஆரத்தை 200 மி.மீ. ஆக்கினால் எஃகின் அளவு ஐந்து மடங்காகிறது, ஆனால் உட்பரப்புத் தகைவு 227 வரைதான் இறங்குகிறது. சுவர் எவ்வளவு தடித்தாலும் அது உள் அழுத்தமான 200க்குக் கீழே போகவே போகாது.

ஆகவே உலோகத்தைக் கூட்டுவதைவிட, இருக்கும் உலோகத்துக்குள் சுமையைப் பங்கிட்டுக் கொடுப்பதே வழி. சுவரை இரண்டு உருளைகளாகச் செய்து, வெளி உருளையின் துளையை உள் உருளையின் வெளி விட்டத்தைவிடச் சற்றே சிறியதாகக் கடைந்து, வெளி உருளையைச் சூடேற்றி விரியச் செய்து உள் உருளையின் மேல் ஏற்றுகிறார்கள். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதும் இதே முறைதான். ஆனால் அங்கே பட்டை கழலாமல் இருந்தால் போதும், இங்கே இறுக்கத்தின் அளவையே கணக்கிட்டுத் தர வேண்டும். 1850களில் இங்கிலாந்தில் வில்லியம் ஆம்ஸ்ட்ராங் இப்படி அடுக்கடுக்காகப் பீரங்கிக் குழல்களைக் கட்டினார். இன்று உயர் அழுத்தக் கலன்களிலும் அழுத்தம் மிகுந்த அச்சுகளிலும் அதே முறை பயன்படுகிறது.

நம் உருளையை 75 மி.மீ. ஆரத்தில் இரண்டாகப் பிரிப்போம். உள் ஆரம் a = 50, தொடுபரப்பின் ஆரம் c = 75, வெளி ஆரம் b = 100. வெளி உருளையின் துளை விட்டம் 150.00 மி.மீ., உள் உருளையின் வெளி விட்டம் 150.12 மி.மீ. என்று கடைந்திருக்கிறோம். விட்டத்தில் வேறுபாடு 0.12 மி.மீ.; ஆரத்தில் அது 0.06 மி.மீ., இதை δ என்று குறிப்போம். பட்டறையில் அளப்பது விட்டத்தை, சமன்பாடு கேட்பதோ ஆரத்தை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் விடை இரு மடங்காகவோ பாதியாகவோ போய்விடும் என்பதால், கணக்கின் முதல் வரியிலேயே எது எது என்று எழுதி வைப்பது நல்லது.

வெளி உருளை குளிர்ந்து சுருங்க முயலும்போது இரண்டும் ஒன்றையொன்று தொடுபரப்பில் p என்ற சம அழுத்தத்தால் தள்ளுகின்றன. அந்த அழுத்தத்தால் வெளி உருளையின் துளை விரிகிறது. உள் உருளை ஒடுங்குகிறது. இந்த இரு நகர்வுகளின் கூட்டுத்தொகை, நாம் வைத்த 0.06 மி.மீ. வேறுபாட்டுக்குச் சமமாக இருந்தாக வேண்டும், ஏனென்றால் முடிவில் இரண்டு பரப்புகளும் ஒரே ஆரத்தில் சந்திக்கின்றன. விடை முழுவதும் இந்த ஒரு நிபந்தனையிலிருந்துதான் வருகிறது. இரண்டு உருளைகளும் ஒரே எஃகால் ஆனவை என்றால் பாய்சான் விகிதம் நீங்கிவிடும்:

```
δ = (p·c/E) · [ (b²+c²)/(b²−c²) + (c²+a²)/(c²−a²) ]
```

அடைப்புக்குள் முதல் உறுப்பு 3.571, இரண்டாவது 2.6; கூட்டினால் 6.171. எஃகின் யங் குணகமான E-ஐ 200,000 மெகா பாஸ்கல் என்று எடுத்தால், p = 25.9 மெகா பாஸ்கல் என்று கிடைக்கிறது. 0.06 மி.மீ. நகர்வில் உள் உருளை சுமார் 0.022 மி.மீ. ஒடுங்குகிறது, வெளி உருளை 0.038 மி.மீ. விரிகிறது. வெவ்வேறு உலோகங்களாக இருந்தால் ஒவ்வோர் உறுப்பையும் அதனதன் குணகத்தால் வகுத்து, பாய்சான் விகிதத்தையும் வெளி உருளைக்குக் கூட்டியும் உள் உருளைக்குக் கழித்தும் எழுத வேண்டும்.

இனி இரண்டு உருளைகளையும் தனித்தனியே பார்க்கலாம். வெளி உருளைக்கு p ஓர் உள் அழுத்தம். அதன் உட்பரப்பில் 3.571 × 25.9, அதாவது 92.6 மெகா பாஸ்கல் இழுவிசைத் தகைவும், வெளிப்பரப்பில் 66.7ம் எழுகின்றன. உள் உருளைக்கு அதே p வெளியிலிருந்து அழுத்துகிறது. அதன் வெளிப்பரப்பில் 67.4 அமுக்கத் தகைவும், உட்பரப்பில் அதைவிடப் பெரிதாக 93.3 அமுக்கத் தகைவும் கிடைக்கின்றன. உள் உருளையில் அமுக்கம் மிகுதியாக இருக்கும் இடமும், பின்னர் திரவ அழுத்தத்தால் இழுவிசை மிகுதியாக வரப்போகும் இடமும் ஒன்றே. இந்த முறையின் பயன் அங்கேதான் இருக்கிறது.

திரவம் உள்ளே வந்த பிறகு, ஒரே உலோகம் என்பதால், முழுச் சுவரையும் ஒற்றை உருளையாகவே கொண்டு லாமே தகைவுகளைக் கணக்கிட்டு, அவற்றோடு மேலே கண்டவற்றைக் கூட்டினால் போதும். உட்பரப்பில் 333 − 93 = 240. தொடுபரப்பில் திரவ அழுத்தத்தின் பங்கு 185. உள் உருளையின் பக்கம் அது 118 ஆகக் குறைகிறது, வெளி உருளையின் பக்கம் 278 ஆக ஏறுகிறது. வெளிப்பரப்பில் 200. தொடுபரப்பில் தகைவு திடீரென்று தாவுவது பிழையன்று; தொடுபரப்பில் தொடர்ச்சியாக இருக்க வேண்டியது ஆரத் திசைத் தகைவு மட்டுமே. அது இரு பக்கமும் 77.8 அமுக்கமாகவே இருக்கிறது.

உச்சத் தகைவு 333இலிருந்து 278க்கு வந்துவிட்டது, ஆனால் அது இப்போது வெளி உருளைக்கு இடம் மாறியிருக்கிறது. இதைப் பார்த்து இறுக்கம் மிகையாகிவிட்டது என்று முடிவு செய்து, இரண்டு உருளைகளின் உட்பரப்புகளிலும் சுற்றளவுத் தகைவு சமமாகும்படி p-ஐ 20.7 ஆகக் குறைப்பவர்கள் உண்டு. அப்போது இரண்டிலும் 259 வரும். என் பார்வையில், நீட்சித்தன்மையுள்ள எஃகுக்கு இது சரியான அளவுகோல் அல்ல. எஃகு நெகிழத் தொடங்குவதைத் தீர்மானிப்பது சுற்றளவுத் தகைவுக்கும் ஆரத் தகைவுக்கும் உள்ள வேறுபாடு. உட்பரப்பில் ஒன்று 240 இழுவிசை, மற்றொன்று 200 அமுக்கம், வேறுபாடு 440. வெளி உருளையின் உட்பரப்பில் அது 356 மட்டுமே. அதாவது உட்பரப்பே இன்னும் பலவீனமான இடம். இறுக்கத்தைக் குறைக்காமல் கூட்ட வேண்டும். இரண்டு வேறுபாடுகளும் சமமாவது p ஏறக்குறைய 36 மெகா பாஸ்கலாக இருக்கும்போது. அதற்கு ஆரத்தில் 0.084 மி.மீ. வேறுபாடு வேண்டும், அப்போது இரண்டிலும் 403. ஒற்றை உருளையில் இது 533 ஆக இருந்தது.

பொருத்தும் வேலைக்கு வருவோம். 0.06 மி.மீ. இறுக்கத்துக்கு வெளி உருளையை அறை வெப்பநிலையைவிட 150 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடேற்றினால், அதன் துளை ஆரம் 75 × 0.000012 × 150 = 0.135 மி.மீ. விரியும், ஏற்றுவதற்கு 0.075 மி.மீ. இடைவெளி மிஞ்சும். இடைவெளி போதாவிட்டால், குளிர்ந்த உலோகத்தைத் தொட்டவுடன் உருளை பாதி வழியில் கவ்விக்கொள்ளும், பிறகு பெரும்பாலும் அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். பதப்படுத்திய எஃகை அதன் பதப்படுத்தும் வெப்பநிலைக்கு மேல் சூடேற்றினால் வலிமையே போய்விடும் என்பதால், அதிக இடைவெளி தேவைப்படும்போது உள் உருளையைத் திரவ நைட்ரஜனில் குளிர்விக்கும் வழியும் கையாளப்படுகிறது.

பொருத்தியபின் உண்மையில் எவ்வளவு அழுத்தம் கிடைத்தது என்பதை உருளையே சொல்லும். உட்பரப்பில் 93.3 அமுக்கத் தகைவு என்றால், துளையின் விட்டம் 100 × 93.3 ÷ 200,000, அதாவது 0.047 மி.மீ. குறைந்திருக்க வேண்டும், வெளி விட்டம் 0.067 மி.மீ. கூடியிருக்க வேண்டும். பொருத்துவதற்கு முன்னும், முழுதும் குளிர்ந்த பின்னும், நீளத்தில் சில இடங்களில் இவற்றை அளந்து ஒப்பிட வேண்டும். எல்லா இடத்திலும் குறைவாக இருந்தால், கடைசலில் விட்ட சிறு மேடுகள் நசுங்கி இறுக்கத்தின் ஒரு பகுதியைத் தின்றிருக்கலாம், அல்லது விட்டங்களை அளந்ததில் பிழை இருக்கலாம். ஆரத்தில் 0.01 மி.மீ. தவறினாலே p-யில் 4.3 மெகா பாஸ்கல் மாறிவிடும். ஓரிடத்தில் மட்டும் குறைந்தால் அங்கே துளை கூம்பாகக் கடையப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. துளையை இறுதி அளவுக்குச் செம்மை செய்யும் கடைசலை இந்தச் சோதனைக்குப் பிறகே வைத்துக்கொள்ள வேண்டும். முன்பே செய்துவிட்டால், ஒடுங்கிய 0.047 மி.மீ. துளையின் அளவைக் கெடுத்திருக்கும்.