திறக்க முடியாத குளியலறை ஜன்னல்

வீடு பார்க்கப் போனால் குளியலறைக்குள் நுழைந்ததும் நான் முதலில் தொட்டுப் பார்ப்பது ஜன்னலின் தாழ்ப்பாளைத்தான். பல வீடுகளில் அது துருவேறி இறுகியிருக்கும். ஜன்னல் கெட்டுவிட்டது என்று பொருளில்லை, யாரும் அதைத் திறப்பதே இல்லை என்றுதான் பொருள். திறந்தால் எதிரில் இருப்பவர்களுக்கு உள்ளே தெரியும். மூடினால் ஈரம் வெளியேறாது. மங்கல் கண்ணாடி போட்டுவிட்டோம், மறைவுக்கு வழி பண்ணியாகிவிட்டது என்று நினைத்துக் கட்டிய ஜன்னல்கள் இவை. ஃப்ராஸ்டட் கண்ணாடி மூடியிருக்கும்போது மட்டும்தான் மறைக்கும் என்பதை வரைபடம் போடும்போது நாங்களே பல நேரம் மறந்துவிடுகிறோம்.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஒன்றரை மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் நாற்பது நீளமுள்ள குளியலறை. ஜன்னல் 60 சென்டிமீட்டர் அகலம், 90 உயரம். தரையிலிருந்து 120 சென்டிமீட்டரில் தொடங்குகிறது. இரண்டு கதவு ஸ்லைடிங், இரண்டிலும் மங்கல் கண்ணாடி. ஷவர் ஜன்னலை ஒட்டியே இருந்தது. மூன்று மீட்டர் தள்ளி, அதே தளத்தில், பக்கத்துக் கட்டடத்தின் சமையலறை ஜன்னல். கூரை மூலைகளில் கரும்புள்ளியாகப் பூஞ்சை, கதவின் அடிப்பலகை ஊறிப் புடைத்திருந்தது. வண்ணம் அடித்த ஆறே மாதத்தில் புள்ளிகள் திரும்பி வந்துவிட்டன. பூஞ்சையைத் தடுக்கும் பெயின்ட் எது என்று கேட்கத்தான் என்னை அழைத்திருந்தார்கள்.

அந்த வீட்டு அம்மா இன்னொன்றையும் தயங்கித் தயங்கிச் சொன்னார். இரவில் குளிக்கும்போது விளக்கைப் போடுவதில்லையாம். வெளியே நிழல் தெரிகிறது என்று மகள் சொன்னதிலிருந்து வந்த பழக்கம். சொந்த வீட்டில் ஒருவர் இருட்டில் குளிக்க வேண்டியிருக்கிறது என்பது எனக்குப் பெயின்டைவிடப் பெரிய விஷயமாகப் பட்டது. அதனால் முதலில் அதைப் பார்த்தோம்.

மங்கல் கண்ணாடி ஒளியைத் தடுப்பதில்லை, சிதறடிக்கிறது. வெளிச்சம் போதுமான அளவு உள்ளே வருவதும் அதனால்தான். ஆனால் ஒரு பொருள் கண்ணாடிக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு தெளிவாக அதன் உருவம் தெரியும். கையைக் கண்ணாடியில் ஒட்டி வைத்தால் விரல்களை எண்ணலாம், ஓரடி பின்னால் இழுத்தால் வெறும் கறையாகிவிடும். ஷவர் ஜன்னலை ஒட்டி இருந்ததால் குளிப்பவர் எப்போதும் கண்ணாடியிலிருந்து ஓரடிக்குள்தான் நிற்கிறார். போதாக்குறைக்கு விளக்கு எதிர்ச்சுவரில், முகம் பார்க்கும் கண்ணாடிக்கு மேலே இருந்தது. விளக்குக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஆள் நின்றால் ஜன்னல் கண்ணாடி நிழற்கூத்துத் திரை மாதிரி ஆகிவிடும்.

அன்று இரவே சோதித்துப் பார்த்தோம். ஆள் நிற்கும் இடத்தில் ஒரு நாற்காலியின் மேல் துணி மாட்டும் ஹாங்கரில் சட்டையைத் தொங்கவிட்டு, நானும் அந்த மகளும் வெளியே எதிர்ச்சுவர் பக்கம் போய் நின்றோம். சட்டைக் கை வரை தெரிந்தது. பிறகு நீளமான வயரில் ஒரு பல்பை எடுத்து ஜன்னல் இருக்கும் சுவரிலேயே, ஜன்னலுக்கு மேலே பிடிக்கச் சொன்னோம். ஜன்னல் பளிச்சென்று ஒளிர்ந்தது, உருவம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. வெளிச்சம் ஆளுக்கு முன்னாலிருந்து விழுந்தால் நிழல் பின்சுவருக்குப் போய்விடும், கண்ணாடிக்கு வராது. விளக்கு நனையும் இடத்துக்கு மேலே வருவதால், நீர் புகாத மூடியுள்ள விளக்காகப் போட்டு, வேலையை எலக்ட்ரீசியனிடமே கொடுத்தோம். கண்ணாடியை மாற்றுவதற்கு முன்பே பாதிப் பிரச்சினை அதோடு தீர்ந்தது.

கண்ணாடியையும் மாற்றத்தான் வேண்டியிருந்தது, காரணம் ஈரம். மணலைப் பீய்ச்சி மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கிய கண்ணாடியில் அந்தச் சொரசொரப்புதான் ஒளியைச் சிதறடிக்கிறது. அதன்மேல் தண்ணீர் படிந்தால் நுண்பள்ளங்கள் நிரம்பிப் பரப்பு மழமழப்பாகிவிடும், கண்ணாடி ஓரளவு தெளிந்துவிடும். சொரசொரப்பான பக்கம் உள்ளே இருந்தால் ஷவர் தெறிக்கும் இடமெல்லாம் தெளியும், வெளியே இருந்தால் மழையில் தெளியும். குளிக்கும் நேரத்தில்தான் மறைவு தேவை, அந்த நேரத்தில்தான் இந்தக் கண்ணாடி கைவிடுகிறது. கடையில் மாதிரித் துண்டைக் கையில் வாங்கி, பாதியை ஈர விரலால் தேய்த்து, பின்னால் கையை வைத்துப் பாருங்கள். வித்தியாசம் உடனே தெரியும். அமிலத்தால் மங்கலாக்கியதையும் இப்படிச் சோதித்தே வாங்க வேண்டும்.

நனையும் இடத்துக்கு நான் இரண்டு வகையைத்தான் சொல்வேன். ஒன்று, வார்க்கும்போதே ஆழமாக வடிவம் பதித்த கண்ணாடி. அதன் மேடுபள்ளம் பெரியது, மெல்லிய நீர்ப்படலம் அதை நிரப்பிவிடாது. மழமழப்பான முகத்தை ஷவர் பக்கம் வைத்தால் துடைப்பதும் சுலபம். இன்னொன்று, இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் வெண்மையான படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி. மறைக்கும் அடுக்கு உள்ளே இருப்பதால் அதைத் தண்ணீர் தொடவே தொடாது. கண்ணாடி மேல் ஒட்டும் ஃபிலிம் வாடகை வீட்டுக்குச் சரி, ஆனால் ஷவர் தெறிக்கும் ஜன்னலில் ஓரங்கள் சீக்கிரம் கிளம்பிவிடும். முகம் பார்க்கும் கண்ணாடி போல் பளபளக்கும் ஒருவழி ஃபிலிமை மட்டும் குளியலறைக்கு வாங்கவே வாங்காதீர்கள். எந்தப் பக்கம் வெளிச்சம் குறைவோ அந்தப் பக்கத்தை மறைக்கும் தன்மை அதற்கு. பகலில் உங்களைக் காக்கும், இரவில் உள்ளே விளக்குப் போட்டதும் நிலைமை தலைகீழாகிவிடும்.

இனி காற்று. அந்த ஸ்லைடிங் ஜன்னலில் ஒரு கதவைத் தள்ளினால் பாதி ஜன்னல் திறக்கும். கணக்குப்படி நல்ல திறப்புதான், ஆனால் யாரும் திறக்காத திறப்பு. திறந்தே இருக்க வேண்டிய பகுதியையும் மூடியே இருக்க வேண்டிய பகுதியையும் பிரித்துவிடுவோம் என்று முடிவு செய்தோம். கீழே 45 சென்டிமீட்டர் நகராத வடிவக் கண்ணாடி, அது ஷவருக்குப் பக்கத்தில் என்பதால், உடைந்தால் மழுங்கிய சிறு துண்டுகளாகச் சிதறும் டஃபன்ட் கண்ணாடி. மேலே 45 சென்டிமீட்டரில், 165 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 210 வரை, கண்ணாடித் தகடுகளைச் சாய்வாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய லூவர்.

லூவர் என்றதும் கைப்பிடியைத் தூக்கித் திறக்கும் வகைதான் பலருக்கு நினைவு வரும். அதில் ஒரு சிக்கல் உண்டு. மூடும்போது ஒரு தகடு அடுத்ததன் மேல் லேசாக ஏறி உட்கார்ந்தால் போதும் என்பதால், 100 மில்லிமீட்டர் அகலத் தகடுகளைச் சுமார் 90 மில்லிமீட்டர் இடைவெளியில் வைப்பார்கள். அதை 45 டிகிரிக்குச் சாய்த்தால் ஒவ்வொரு தகடும் மறைக்கும் உயரம் 71 மில்லிமீட்டர்தான். மீதி 19 மில்லிமீட்டர் கீற்று, நேராகப் பார்ப்பவருக்குத் திறந்தே கிடக்கும். தகடு மங்கலாக இருந்தாலும் அந்தக் கீற்றில் கண்ணாடியே இல்லையே. அதற்குப் பயந்துதான் மக்கள் லூவரையும் மூடிவிடுகிறார்கள்.

நாங்கள் போட்டது நகராத லூவர். அதே 100 மில்லிமீட்டர் தகடு, 45 டிகிரி சாய்வு, ஆனால் 65 மில்லிமீட்டருக்கு ஒன்று. 45 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏழு தகடுகள் வந்தன. 71 மறைக்க, 65 தான் இடைவெளி என்பதால் நேர்ப்பார்வை முழுக்க அடைபட்டது. தகடுகளுக்கு நடுவே காற்றுக்குச் சுமார் 41 மில்லிமீட்டர் வழி, அதாவது மேல் பகுதியில் ஏறக்குறைய 60 சதவீதம் எப்போதும் திறப்பு. ஜன்னல் வேலை செய்பவரிடம் தகட்டின் அகலம், சாய்வு, இடைவெளி ஆகிய மூன்றையும் எழுதியே கொடுங்கள். வாய்ச்சொல்லில் விட்டால் தகட்டைச் சேமிக்க இடைவெளியை அகட்டிவிடுவார்கள்.

சாய்வு எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். தகட்டின் வெளி விளிம்பு தாழ்ந்திருந்தால் மழை வெளியே வடியும். மேல் தளத்திலிருந்து பார்ப்பவருக்கும் சமதளத்தில் நிற்பவருக்கும் தகடு குறுக்கே நிற்கும். கீழேயிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்கு மட்டும் தகடுகளுக்கு நடுவே பார்வை நுழையும். ஆனால் அது மேல்நோக்கிப் போவதால், லூவர் தலையளவு உயரத்துக்கு மேல் தொடங்கினால் அவர் கண்ணில் படுவது கூரைதான். இதே லூவரை 120 சென்டிமீட்டரிலேயே தொடங்கியிருந்தால் கதை வேறு.

மேலே வழி வைத்தால் மட்டும் காற்று நகர்ந்துவிடாது, உள்ளே வரவும் ஒரு வழி வேண்டும். புடைத்த கதவு தரையோடு ஒட்டிக் கிடந்தது. அதன் அடியை இரண்டு சென்டிமீட்டர் சீவினோம். 75 சென்டிமீட்டர் அகலக் கதவுக்கு அது 150 சதுர சென்டிமீட்டர், 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள எக்ஸாஸ்ட் ஃபேனின் வாயைவிடக் கொஞ்சம்தான் குறைவு. கதவடியில் ஒரு டிஷ்யூ தாளைத் தொங்கவிட்டுப் பார்த்தோம். சூடான நீரில் குளித்து முடித்த நேரத்தில் தாள் உள்பக்கம் லேசாகச் சாய்ந்தது. ஈரக்காற்று மேலே போகப் போக, உலர்ந்த காற்று கீழே நுழைகிறது.

எக்ஸாஸ்ட் ஃபேன் இருப்பவர்களும் இதே தாளை வைத்துப் பாருங்கள். ஒரே ஜன்னலில் ஃபேனையும் திறந்த லூவரையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்தால் தாள் அசையவே அசையாது. ஃபேன் பக்கத்து லூவர் வழியாக வெளிக்காற்றை இழுத்து அப்படியே வெளியே தள்ளிக்கொண்டிருக்கும், ஷவர் மூலையில் நிற்கும் ஈரம் நின்றபடியே இருக்கும். ஃபேன் ஓடும்போது அந்த லூவரை மூடி வைத்தால் இழுப்பு கதவடியிலிருந்து வரும். மூட முடியாத நகராத லூவரும் ஃபேனும் ஒரே ஜன்னலில் வேண்டாம்.

எல்லா இடத்துக்கும் இதே ஏற்பாடு பொருந்தாது. கடுங்குளிர் உள்ள ஊர்களில் எப்போதும் திறந்திருக்கும் லூவர் அறையைக் குளிரவைத்துவிடும். அங்கே இறுக்கமாக மூடும் மங்கல் ஜன்னலும் ஃபேனும்தான் சரி. தரைத்தளத்தில் லூவர் வைத்தால் உள்பக்கம் கம்பி அவசியம், ஏனென்றால் கைப்பிடி வகையில் தகடுகளை வெளியிலிருந்தே கிளிப்பை நெம்பி உருவிவிடலாம். கொசுவலை போட்டால் கழற்றிக் கழுவும்படி போடுங்கள். தூசி அடைந்த வலை காற்றுக்குச் சுவர் மாதிரி.

பூஞ்சையைச் சுரண்டிக் கழுவி, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகுதான் அந்த வீட்டில் பெயின்ட் அடித்தோம், சாதாரணப் பெயின்ட்தான். அடுத்த மழைக்காலம் முடிந்து போய்ப் பார்த்தபோது கூரை மூலைகள் சுத்தமாக இருந்தன. லூவருக்கு நேர் கீழே சுவரில் மட்டும் சாரல் பட்ட கோடு ஒன்று, டைல் ஒரு வரிசை மேலே போயிருக்க வேண்டும். அந்த அம்மா இப்போது விளக்கைப் போட்டுத்தான் குளிக்கிறாராம்.