சொல் விளக்கம்: எதிர்ச் சவ்வூடு பரவல்

புதுச்சேரித் தெருக்களில் தண்ணீர் கேன்களின் மேல் 'ஆர்.ஓ.' என்று பார்க்கிறோம். அதற்குப் பாடநூல் தரும் தமிழ் 'எதிர்ச் சவ்வூடு பரவல்'. இதில் 'பரவல்' மட்டும் எனக்கு உறுத்துகிறது.

மாங்காய்த் துண்டுகளில் உப்பைப் பிசறி வையுங்கள். சற்று நேரத்தில் ஜாடியின் அடியில் நீர் விட்டிருக்கும். காயின் சவ்வுகள் நீரை விடும், உப்பை எளிதில் விடாது. எனவே உள்ளிருக்கும் நீர் உப்பை நாடி வெளியே வருகிறது. யாரும் பிழியவில்லை. இதுதான் சவ்வூடு பரவல். 1854இல் வேதியியலாளர் தாமஸ் கிரகாம் இதை 'ஆஸ்மோஸ்' என்றார். அதன் கிரேக்க வேருக்குப் பொருள் 'தள்ளுதல்'. தமிழாக்கத்தில் அந்தத் தள்ளல் விடுபட்டுவிட்டது.

கடல்நீரை அழுத்திச் சவ்வின் வழியே தள்ளினால், உப்பு இந்தப் பக்கமே தங்கி, நல்ல நீர் மறுபக்கம் வரும். இதுதான் எதிர்ச் சவ்வூடு பரவல். கடல்நீரைக் குடிநீராக்கும் செலவில் பெரிய பங்கு இந்தத் தள்ளலில்தான் இருக்கிறது. ஆயிரம் லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிலோ உப்பு இருக்கும். அது நீரை இழுத்துப் பிடிக்கும் விசை ஏறத்தாழ 27 வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம். அதைத் தாண்டித் தள்ளாவிட்டால் ஒரு சொட்டு நல்ல நீர்கூட வராது. 450 லிட்டர் எடுத்தபின், மிஞ்சிய 550 லிட்டரில் அத்தனை உப்பும் தங்கி, லிட்டருக்கு 64 கிராம் ஆகிவிடும். இழுப்பும் 50ஐ நெருங்கும். ஆகவே பம்பு 60 வரை தள்ள வேண்டும். 600 மீட்டர் உயரத்துக்கு நீரேற்றுவது போன்ற வேலை அது. நல்ல ஆலையிலும் ஆயிரம் லிட்டர் குடிநீருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் ஆகிறது. அதுவும், வெளியேறும் உப்புநீரின் அழுத்தத்தைப் புதிதாக வரும் கடல்நீருக்கு மாற்றிக்கொடுக்கும் கருவி இருந்தால்தான். வீட்டு ஆர்.ஓ. கருவி கிணற்று நீரைச் சுத்திகரிப்பது. உப்பு குறைவு என்பதால் அதற்குச் சிறு பம்பே போதும்.

இன்னும் கொஞ்சம் பிழிந்தால் என்ன? இழுப்பு மேலும் ஏறும். கால்சியம் உப்புகள் சவ்வில் படியும். அதே அழுத்தத்தில் நீர்வரத்து குறையத் தொடங்குவது அதன் அடையாளம். அதனால்தான் பாதிக்கு மேல் நீர் கழிவாகவே திரும்புகிறது.

சவ்வுக்குள் மூலக்கூறுகள் நகர்வது பரவல்தான், மறுக்கவில்லை. ஆனால் திசையை மாற்றுவது பம்பு. 'சவ்வூடு எதிர்த்தள்ளல்' என்றால் மின்கட்டணமும் சொல்லிலேயே தெரியும்.

ஆலையில் மிஞ்சித் திரும்பும் இந்தக் கழிவுநீரைச் சிலர் 'உவர்நீர்' என்று எழுதுகிறார்கள். அது தவறு. கடலூர்க் கரையோரக் கிணறுகளில் உப்புக் கரிக்கும் நீர்தான் உவர்நீர். அது கடல்நீரைவிட உப்பு குறைந்தது. இதுவோ கடலைவிட ஏறக்குறைய இருமடங்கு உப்பானது. 'செறிவுப்பு நீர்' என்பதே பொருந்தும். எடை கூடியதால் இது அலையோடு எளிதில் கலக்காமல் அடியில் படிந்து, தரையோடு தரையாகப் பரவும். தேவனாம்பட்டினம் போன்ற கரையில் அப்படியே கொட்டினால், மீன் விலகிப் போய்விடலாம். மணலில் புதைந்து வாழும் மட்டியால் முடியாது. ஆகவே குழாயை ஆழ்கடல் பக்கம் கொண்டுபோய், பல சிறு வாய்கள் வழியே வேகமாகப் பீய்ச்சிக் கலக்க வேண்டியிருக்கிறது. கடலடியில் அந்தக் குழாயைப் பதிப்பதும் பராமரிப்பதும் குடிநீரின் விலையில்தான் சேர்கின்றன.