கடைசி இரண்டு பந்தும் வேகஸ் நரம்பும்

2023 ஐபிஎல் இறுதிப் போட்டி. நள்ளிரவு தாண்டிவிட்டது. மோகித் சர்மா வீசிய கடைசி ஓவரில் சென்னைக்கு இன்னும் 2 பந்தில் 10 ரன் வேண்டும். ஜடேஜா ஒரு சிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்து முடித்தார். அந்த நேரத்தில் சோபாவில் அசையாமல் உட்கார்ந்திருந்தவருக்கும் நாடித்துடிப்பு 70-லிருந்து 110-க்குத் தாவியிருக்கலாம். ஓடவில்லை, மாடி ஏறவில்லை. பிறகு எப்படி?

இதயத்தின் மேலறையில் இருக்கும் சைனஸ் கணுதான் துடிப்பைத் தொடங்கி வைக்கிறது. அதை யாரும் தொடாமல் விட்டால் நிமிடத்துக்குச் சுமார் 100 முறை துடிக்கும். ஓய்வில் 70 ஆக இருப்பதற்குக் காரணம், மூளையிலிருந்து இறங்கிவரும் வேகஸ் நரம்பு எந்நேரமும் பிரேக்கை மிதித்தபடி இருப்பதுதான். பதற்றம் வந்ததும் மூளை முதலில் செய்வது அந்தப் பிரேக்கிலிருந்து காலை எடுப்பது. அதனால்தான் ஓரிரு துடிப்புக்குள்ளேயே வேகம் கூடிவிடுகிறது. ஆக்சிலேட்டரான பரிவு நரம்புகள் வேலையைக் காட்டச் சில நொடிகள் ஆகும். 100-ஐத் தாண்டுவது பெரும்பாலும் அவற்றின் வேலை.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இனிதான். பந்து வீச்சாளர் ஓடிவரும் அந்தச் சில நொடிகளில், கண்ணை இமைக்காமல் காத்திருக்கும்போது, துடிப்பு கொஞ்சம் குறையக்கூடும். எதிர்பார்த்துக் காத்திருப்பவரின் இதயம் சற்று மெதுவாவது ஆய்வகங்களில் பலமுறை பதிவான ஒன்று. பிரேக் ஒரு கணம் இறுகி, மட்டை பட்டதும் சட்டென விடுபடுகிறது. பிஜிஎம்ஐ என்ற மொபைல் துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் கடைசி வட்டத்துக்குள் புல்லில் படுத்துக்கொண்டு எதிரியின் காலடி ஓசைக்குக் காது கொடுப்பவருக்கும் இது நேரலாம். அவர் போனை இறுக்கிப் பிடிப்பதும் தன்னையறியாமல் மூச்சை அடக்குவதும் ரத்த அழுத்தத்தையும் சேர்த்து ஏற்றுகின்றன.

ஆட்டம் முடிந்த பிறகும் நெஞ்சு படபடப்பது அட்ரினலினால். சிறுநீரகத்தின் தலையில் தொப்பிபோல் இருக்கும் அட்ரீனல் சுரப்பி அதை ரத்தத்தில் கலந்துவிடுகிறது. அது கரைய சில நிமிடங்கள் பிடிக்கும். ஸ்மார்ட் வாட்ச் இதை உடற்பயிற்சி என்று கணக்குப் போட்டால் நம்ப வேண்டாம். கால் தசைகள் வேலை செய்யாததால் அவ்வளவு கலோரி செலவாகாது.

நல்ல இதயம் இந்த ஏற்றத்தைத் தாங்கும். ஏற்கெனவே அடைப்பு உள்ள இதயத்தின் கதை வேறு. 2006 கால்பந்து உலகக் கோப்பையில் ஜெர்மனி ஆடிய நாட்களில் மியூனிக் வட்டாரத்தில் அவசர இதயப் பாதிப்புகள் வழக்கத்தைவிடச் சுமார் 2.7 மடங்கு பதிவாயின. குழந்தைகளிடம் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். பிறவியிலேயே இதயத்தின் மின்னோட்டத்தில் கோளாறு உள்ள சிலருக்கு, அட்ரினலின் பாய்ந்ததும் துடிப்பின் ஒழுங்கே குலைந்துவிடும். விறுவிறுப்பான விளையாட்டின் நடுவே பிள்ளை திடீரென மயங்கி விழுந்து, அடுத்த நிமிடமே சாதாரணமாக எழுந்துவிட்டாலும், பசி மயக்கம் என்று விட்டுவிடாமல் ஈசிஜி எடுத்து இதய மருத்துவரிடம் காட்டுங்கள். ஓய்வில் எடுத்த ஈசிஜி சரியாகவே இருந்தாலும், மயங்கியது விளையாட்டின் நடுவே என்பதை அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஓடவிட்டுப் பார்க்கும் டிரெட்மில் சோதனையில்தான் இந்த மின்னோட்டக் கோளாறுகளில் ஒரு வகை வெளிப்படும்.