ரீஃப்ளோ: பாய்வதும் பாய்ச்சுவதும்

ஆங்கிலப் புத்தகத்தைத் தமிழாக்கி, அதே வடிவமைப்புக் கோப்பில் கொண்டுபோய் ஒட்டியதும் வரிகள் கலைந்து, பக்கங்கள் கூடி, படங்கள் அவற்றுக்குரிய பத்தியை விட்டு விலகிப் போகும். அப்போது செய்யும் வேலையைத்தான் டிடிபி ஆட்கள் ரீஃப்ளோ என்கிறார்கள். 'மேட்டர் ஓடிடுச்சு' என்றும் சொல்வதுண்டு.

சொல்லின் பின்பாதியான ஃப்ளோ பழைய ஆங்கிலம், வெள்ளத்தைக் குறிக்கும் ஃப்ளட் என்ற சொல்லுக்கு உறவு. முன்னால் ஒட்டிய 'ரீ' லத்தீனிலிருந்து வந்தது. ஆக நீரை வைத்துப் பிறந்த சொல்தான். ஒரு பெட்டி நிரம்பினால் மீதி எழுத்து, இணைத்து வைத்த அடுத்த பெட்டிக்குத் தானாகப் போகிறது, பாத்தி நிரம்பி அடுத்த பாத்திக்குத் தண்ணீர் போவது மாதிரி.

இதற்கு 'மறுபாய்வு' என்று எழுதுகிறார்கள். தப்பில்லை, ஆனால் பாதிதான் சரி. ஆங்கிலத்தில் எழுத்து தானாக நகர்வதும் நாம் நகர்த்துவதும் ஒரே சொல். தமிழில் தண்ணீர் பாய்கிறது, நாம் பாய்ச்சுகிறோம். தன்வினை வேறு, பிறவினை வேறு. மென்பொருள் செய்வது மறுபாய்வு, வடிவமைப்பாளர் உட்கார்ந்து செய்வது மறுபாய்ச்சுதல். ('மறுபாய்ச்சல்' வேண்டாம், புலிப் பாய்ச்சல் நினைவுக்கு வந்துவிடும்.) இரண்டாவது வேலைக்கு அச்சகத்தில் ஏற்கெனவே 'பக்கம் கட்டுதல்' என்ற நல்ல சொல் இருக்கிறது. 'மறுபடி பக்கம் கட்டணும்' என்றால் எல்லாருக்கும் புரியும், நான் அதையே சொல்வேன்.

இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. ரீஃப்ளோ என்றால் மென்பொருளே பார்த்துக்கொள்ளும் என்று நினைத்து ஒரு நாள் அவகாசம் தருகிறார்கள். நடப்பது என்னவென்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஏ5 அளவில், நடுவில் பின் அடிக்கும் 16 பக்கக் கையேடு. எழுத்துப் பகுதியின் உயரம் 482 பாயின்ட், ஆங்கிலத்துக்கு வரி இடைவெளி 12 பாயின்ட், எனவே பக்கத்துக்கு 40 வரி, மொத்தம் 640. தமிழில் கி, கீ மேலே வளைகின்றன, கு, மூ கீழே இறங்குகின்றன. 12 பாயின்ட்டில் மேல் வரியில் கீழே இறங்குவது, கீழ் வரியில் மேலே வளைவதில் இடிக்கும். 14.5 வைத்தால் பக்கத்துக்கு 33 வரிதான். ஒரு வரிகூடக் கூடாவிட்டாலும் 640 வரிக்கு 20 பக்கம் ஆகிவிட்டது!

வரியும் கூடத்தான் செய்யும். 'மருத்துவமனைக்கு' என்பது ஆங்கிலத்தில் மூன்று சொல், உடைக்க இரண்டு இடைவெளி கிடைக்கும். தமிழில் ஒரே சொல், வரி ஓரத்தில் இடம் போதாவிட்டால் முழுசாகக் கீழே இறங்கி, மேல் வரியில் ஓட்டை விழும். சொல்லை உடைக்கலாம், ஆனால் அடுத்த வரி புள்ளி எழுத்தில் தொடங்கக் கூடாது: 'மருத்' என்று நிறுத்தி 'துவமனைக்கு' என்று தொடரலாம், 'மரு' என்று நிறுத்தி 'த்துவ' என்று தொடங்கக் கூடாது. இன்டிசைன் மென்பொருளில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். கொம்பும் காலும் இடம் மாறித் தெரிந்தால் பத்திக்கு `Adobe World-Ready Paragraph Composer` தேர்ந்தெடுக்கவில்லை என்று அர்த்தம். அதை முதலில் மாற்றிவிட்டு அப்புறம் வரி எண்ணுங்கள், இல்லாவிட்டால் எண்ணியதெல்லாம் வீண்.

சரி, தமிழ் 700 வரி வந்தது என்று வைத்துக்கொள்வோம். 21 பக்கம் போதாது, 22வது தேவை. பின் அடிக்கும் கையேட்டில் பக்கம் நான்கு நான்காகத்தான் கூடும், எனவே 24, அதில் இரண்டு வெற்று. 20க்குள் அடக்க 40 வரி குறைய வேண்டும். இங்கேதான் பலர் எழுத்தைச் சுருக்கிவிடுகிறார்கள், அல்லது வரி இடைவெளியை நெருக்குகிறார்கள். படிப்பவருக்குச் செய்யும் அநியாயம் அது. நான் கடைசி வரியில் ஒரே ஒரு சொல் தொங்கும் பத்திகளைத் தேடுவேன். 'பரிசோதனை மேற்கொள்ளப்பட வேண்டும்' என்பதைப் 'பரிசோதியுங்கள்' என்று மாற்றினால் ஒரு வரி மேலே ஏறிவிடும், தமிழும் நன்றாகிவிடும். அதனால் மொழிபெயர்த்தவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வடிவமைப்பாளர் தானாக வெட்டினால் மருந்தின் அளவு போன்ற ஒன்று விடுபட்டுப் போகும்.

கடைசிப் பெட்டியின் வலது கீழ் மூலையில் சிவப்புக் கூட்டல் குறி தெரிந்தால் உள்ளே இன்னும் எழுத்து மறைந்திருக்கிறது. அது போன பிறகுதான் பொருளடக்கத்தையும், '9ஆம் பக்கம் பார்க்க' போன்ற கைப்பட அடித்த எண்களையும் ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும், ஏனென்றால் அவற்றில் பெரும்பாலானவை இப்போது வேறு பக்கத்தில் இருக்கும்.