ஒரு மூட்டை யூரியா எங்கே போகிறது? கார்பன், நைட்ரஜன் சுழற்சிகள் ஒரே வயலில்

அக்கா மகள் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறாள். சுற்றுச்சூழல் அறிவியலுக்கு அசைன்மென்ட்: கார்பன் சுழற்சியையும் நைட்ரஜன் சுழற்சியையும் பாகங்கள் குறித்த படங்களுடன் விளக்க வேண்டும். இரண்டு தாளில் வரைந்து கொண்டுவந்து நீட்டினாள். முதல் தாளில் சூரியன், மரம், மாடு, புகைபோக்கி. இரண்டாவதில் மின்னல், அவரைச் செடி, வேர் முடிச்சு. "அம்பெல்லாம் சரிதானே மாமா?"

திசையெல்லாம் சரிதான். ஆனால் எல்லா அம்பும் ஒரே பருமனில் இருந்தன. அதோடு, முதல் தாளுக்கும் இரண்டாவது தாளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பாடப்புத்தகப் படங்களும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன, அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

முதலில் அம்பின் பருமன். உலகெங்கும் நிலத்துத் தாவரங்கள் ஒளிச்சேர்க்கையால் ஆண்டுக்குச் சுமார் 12,000 கோடி டன் கார்பனைக் காற்றிலிருந்து எடுக்கின்றன. நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு எரித்து நாம் விடுவது சுமார் 1,000 கோடி டன். பன்னிரண்டில் ஒரு பங்கு. இதற்கா இவ்வளவு கவலை என்று தோன்றும். ஆனால் தாவரம் எடுத்தது ஏறக்குறைய முழுதும் திரும்பிவிடுகிறது. கொஞ்சம் தாவரமே சுவாசித்து விடுகிறது, மீதியை மண்ணின் நுண்ணுயிர்கள் மட்கச் செய்து விடுகின்றன. போய்வரும் கணக்கு அது. புகைபோக்கியின் அம்பு ஒருவழிப் பாதை. பல கோடி ஆண்டுகளாக மண்ணுக்குள் கிடந்த கார்பன் மேலே வருகிறது, அதே வேகத்தில் கீழே போக அதற்கு வழி இல்லை. விட்டதில் பாதியளவைக் கடலும் காடும் மண்ணும் வாங்கிக்கொள்கின்றன. மீதிப் பாதி காற்றிலேயே தங்குகிறது. 1958-இல் ஹவாயின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்தில் 315 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது அதனால்தான். ஆகவே படத்தில் போய்வரும் அம்புகளைப் பருமனாகவும், புகைபோக்கியின் அம்பை மெலிதாக, ஆனால் வேறு நிறத்திலும் போடச் சொன்னேன்.

அடுத்து, இரண்டு தாளையும் ஒன்றாக்குவது. அதற்கு உலகப் படம் வேண்டாம், ஒரு நெல் வயல் போதும். காவிரி டெல்டாவில் நடவு முடிந்து தண்ணீர் கட்டிய வயல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் சேற்றை ஒரு கத்தியால் செங்குத்தாக வெட்டிப் பார்த்தால், மேலே சில மில்லிமீட்டர் மட்டும் பழுப்பாக இருக்கும். அதற்குக் கீழே சாம்பல் நிறம், சில இடத்தில் கறுப்பு. தண்ணீர் வழியே இறங்கும் ஆக்சிஜன் அந்த மெல்லிய ஏட்டைத் தாண்டுவதற்குள் நுண்ணுயிர்கள் அதைத் தீர்த்துவிடுகின்றன. மேலே காற்றுள்ள மண், கீழே காற்றில்லா மண். இந்தக் கோட்டைப் படத்தில் போடாமல் நெல் வயலின் எந்தச் சுழற்சியையும் விளக்க முடியாது.

```
படம் 1: வயலில் கார்பன்

காற்று (CO2)
   ↓ ஒளிச்சேர்க்கை
நெற்பயிர், நீர்ப்பாசி
   ↓ வேர்க்கழிவு, தாள், மட்கு
மேலேடு: ஆக்சிஜன் உண்டு
   → மட்குதல் → CO2 → காற்று
கீழ்ச்சேறு: ஆக்சிஜன் இல்லை
   → மீத்தேன் (CH4) → தண்டின் குழல் → காற்று
```

கீழ்ச்சேற்றில் ஆக்சிஜன் இல்லை என்பதற்காக நுண்ணுயிர்கள் சும்மா இருப்பதில்லை. கார்பனைத் தின்று ஆற்றல் எடுக்க ஆக்சிஜனுக்குப் பதில் வேறொன்றைத் தேடுகின்றன. முதலில் கைவைப்பது நைட்ரேட்டில். அது தீர்ந்தால் மாங்கனீசு, இரும்பு, பிறகு சல்பேட். எல்லாம் தீர்ந்தபின் கடைசியில் வருபவை மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள். வயலில் கால் வைக்கும்போது குமிழ் குமிழாகக் கிளம்புகிறதே, அதில் பெரும்பங்கு மீத்தேன்தான். ஆனாலும் மீத்தேனில் மிகுதி குமிழாக வருவதில்லை, நெற்பயிர் வழியாகவே வெளியேறுகிறது. தண்ணீருக்குள் நிற்கும் வேருக்கு மூச்சு விட நெல்லின் தண்டுக்குள் காற்றுக் குழல்கள் உண்டு. ஆக்சிஜன் கீழே இறங்கும் அதே குழல் மீத்தேனுக்கு மேலே ஏறும் புகைபோக்கி ஆகிவிடுகிறது.

சரி, இப்போது நைட்ரஜன். காற்றில் 78 விழுக்காடு அதுதான். இருந்தும் பயிருக்கு அது கடல் தண்ணீர் போல, கண்ணெதிரே இருக்கிறது, குடிக்க முடியாது. இரண்டு நைட்ரஜன் அணுக்களைப் பிணைக்கும் மூன்று பிணைப்புகளை உடைக்க வேண்டும். மின்னல் கொஞ்சம் உடைக்கிறது. பசுந்தாள் உரமாக வளர்க்கும் தக்கைப்பூண்டின் வேர் முடிச்சில் இருக்கும் ரைசோபியம் என்ற பாக்டீரியா உடைக்கிறது. முடிச்சைக் கிள்ளிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது, வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் நடக்கவில்லை. காற்றின் நைட்ரஜனை உடைத்து அம்மோனியா ஆக்குவதை ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஹேபர் 1909-இல் ஆய்வகத்தில் செய்துகாட்டினார், கார்ல் போஷ் 1913-இல் அதை ஆலையாக்கினார். யூரியா மூட்டை அந்த வழியில் வருவது.

ஒரு மூட்டை யூரியா இப்போது 45 கிலோ. அதில் நைட்ரஜன் 46 விழுக்காடு, அதாவது 21 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. யூரியாவின் மூலக்கூறில் ஒரு கார்பன் அணுவும் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வயலில் யூரியா கரைந்து உடையும்போது அந்தக் கார்பன், கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும், மூட்டைக்கு 33 கிலோ. இந்தக் கார்பனும் இயற்கை எரிவாயு போன்ற புதைபடிவ எரிபொருளிலிருந்து வந்ததுதான். இரண்டு தாளும் முதன்முதலாக ஒட்டிக்கொள்ளும் இடம் இது.

அந்த 21 கிலோவையும் தேங்கிய தண்ணீரில் அப்படியே விசிறினால், பயிர் எடுப்பது மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் இருக்கும். ஏழெட்டுக் கிலோ. மீதியில் கொஞ்சம் மண்ணில் தங்கும். பெரும்பகுதி இரண்டு ஓட்டைகள் வழியே போகிறது.

```
படம் 2: வயலில் நைட்ரஜன்

யூரியா, தக்கைப்பூண்டு, மட்கு
   ↓ அம்மோனியாவாதல்
அம்மோனியம் (NH4+)
   → நெற்பயிர்
   → பகலில் நீர் காரமானால் → NH3 → காற்று   [ஓட்டை 1]
   ↓ நைட்ரேட்டாதல் (மேலேடு, ஆக்சிஜன் உண்டு)
நைட்ரேட் (NO3-)
   → நெற்பயிர்
   ↓ நைட்ரேட் வெளியேற்றம் (கீழ்ச்சேறு, ஆக்சிஜன் இல்லை)
N2, கொஞ்சம் N2O → காற்று   [ஓட்டை 2]
```

முதல் ஓட்டையைத் திறப்பது பாசி. வெயில் ஏறினால் பாசி ஒளிச்சேர்க்கை செய்யும், தண்ணீரில் கரைந்துள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்ளும். கரைந்த கார்பன் டை ஆக்சைடு ஓர் அமிலம், சோடாவின் சுருக்கென்ற ருசி அதுதான். அமிலம் குறைந்தால் தண்ணீர் காரத்தன்மை அடையும். காலையில் பிஎச் 7 அளவில் இருக்கும் வயல்நீர் நண்பகலில் 9-ஐத் தாண்டக்கூடும், இரவில் பாசியும் மற்றவையும் சுவாசித்ததும் மறுபடி இறங்கிவிடும். பிஎச் 7-இல் அம்மோனியத்தில் நூற்றில் ஒரு பங்குகூட அம்மோனியா வாயுவாக இருக்காது. 9.2-ஐத் தாண்டினால் பாதிக்கு மேல் வாயு. காற்றும் வீசினால் யூரியா போட்ட நாலைந்து நாளிலேயே நல்ல பங்கு பறந்துவிடும். கார்பன் படத்தில் சாதுவாக நிற்கும் ஒளிச்சேர்க்கை அம்பு, நைட்ரஜன் படத்தில் திருடன். எனக்கு இந்த வயலில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இரண்டாவது ஓட்டை மெதுவானது. மேலேட்டில் ஆக்சிஜன் இருப்பதால் நைட்ரோசோமோனாஸ் வகைப் பாக்டீரியாக்கள் அம்மோனியத்தை நைட்ரைட்டாகவும், நைட்ரோபாக்டர் போன்றவை அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அம்மோனியம் நேர்மின் சுமை கொண்டது, களிமண் அதைப் பிடித்துவைக்கும். நைட்ரேட் எதிர்மின் சுமை, மண்ணில் ஒட்டாது. தண்ணீரோடு சில மில்லிமீட்டர் கீழே நழுவினால் போதும், சாம்பல் நிறச் சேறு வந்துவிடும். அங்கே கார்பனைத் தின்றுகொண்டு ஆக்சிஜனுக்கு ஏங்கும் கூட்டம் காத்திருக்கிறது. நைட்ரேட்டின் ஆக்சிஜனை அது எடுத்துக்கொள்ள, நைட்ரஜன் வாயுவாகித் திரும்பக் காற்றுக்கே போகிறது. காசு கொடுத்து வாங்கிய யூரியா, ஹேபருக்கு முன்பு இருந்த நிலைக்கே போய்ச் சேர்ந்தது.

இந்தப் படத்தைப் பார்த்தாலே பரிகாரமும் தெரியும். தண்ணீரை வடித்துவிட்டு யூரியாவைப் போட்டு, சேற்றோடு கலந்துவிட வேண்டும். அம்மோனியம் கீழ்ச்சேற்றுக்குள் போய்விட்டால் பாசியின் கார நீருக்கும் எட்டாது, ஆக்சிஜன் இல்லாததால் நைட்ரேட்டாகவும் ஆகாது. வேப்பம் புண்ணாக்கைக் கலந்து போடும் பழக்கமும், இப்போது வரும் வேப்பெண்ணெய் பூசிய யூரியாவும் செய்வது நைட்ரேட்டாதலைத் தாமதப்படுத்துவதைத்தான். மொத்தமாகப் போடாமல் பிரித்துப் போடுவதும் இழப்பைக் குறைக்கத்தான். பயிருக்கு எப்போது தேவை என்று பார்க்க இலை வண்ண அட்டை இருக்கிறது. இலையின் பச்சையை அட்டையோடு ஒப்பிட்டு, வெளிறினால் மட்டும் அடுத்த தவணை.

மீத்தேனுக்கும் ஒரு வழி உண்டு. நம்மூரில் அதற்குப் பெயரே இருக்கிறது: காய்ச்சலும் பாய்ச்சலும். வயலில் துளையிட்ட குழாய் ஒன்றைப் புதைத்து, உள்ளே நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகே மறுபடி பாய்ச்சுவார்கள். பூக்கும் நேரத்தில் மட்டும் காயவிடமாட்டார்கள். மண் காயும்போது ஆக்சிஜன் உள்ளே போகிறது, மீத்தேன் நுண்ணுயிர்கள் அடங்குகின்றன. ஆனால் காய்ந்த மண்ணில் நைட்ரேட் சேர்ந்திருக்கும். மறுபடி தண்ணீர் விட்டதும் அது உடையத் தொடங்கி, பாதி வழியில் நைட்ரஸ் ஆக்சைடாகத் தப்பிக்கிறது. நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிட 28 மடங்கு அளவுக்கு வெப்பத்தைப் பிடிக்கும் என்றால், நைட்ரஸ் ஆக்சைடு சுமார் 270 மடங்கு. அளவு குறைவு என்பதால் மொத்தத்தில் பெரும்பாலும் லாபம்தான். யூரியாவை அள்ளிக் கொட்டிய வயலில் அந்த லாபம் கரைந்துவிடும்.

அக்கா மகள் இரண்டு தாளையும் அருகருகே வைத்து ஒட்டினாள். பாசியிலிருந்து அம்மோனியா வரைக்கும் பசைக்கோட்டைத் தாண்டி ஒரு புள்ளிக்கோட்டு அம்பு. அப்புறம் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றைத் தேடினாள். வயல் சேறும் தண்ணீரும் நிரப்பி ஜன்னலோரம் வைத்தால் சில வாரத்தில் பழுப்பு ஏடும் சாம்பல் அடுக்கும் பிரிவதைக் கண்ணாடி வழியே பார்க்கலாம் என்று சொல்லியிருந்தேன். மூடியை இறுக்க வேண்டாம், நாற்றம் வரும், சமையலறையில் வைக்காதே என்றும் சொன்னேன். சமையலறையில்தான் வைத்திருக்கிறாளாம், அக்கா போன் செய்தாள்.