மறுபடி நிறுவிய வாட்ஸ்அப்பில் திறக்காமல் நிற்கும் செய்திகள்

தங்கச்சிமடத்தில் கைபேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் எனக்கு அடிக்கடி வரும் புகார்களில் ஒன்று, வாட்ஸ்அப்பை நீக்கிவிட்டு மறுபடி நிறுவியபின் சில செய்திகளின் இடத்தில் "Waiting for this message. This may take a while." என்ற வரி மட்டும் நிற்பது. கைபேசியைக் கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் அதற்குள் இன்னொரு முறையும் நீக்கி நிறுவிப் பார்த்திருப்பார்கள்.

அண்மையில் ஒரு பெண்மணி தம் மகனுடன் வந்தார். அவருடைய கைபேசியில் இடம் நிரம்பி வாட்ஸ்அப் திறக்காமல் போனதால், மகன் காலையில் அதை நீக்கிவிட்டு மாலையில்தான் மறுபடி நிறுவியிருக்கிறான். இடைப்பட்ட நேரத்தில், விசைப்படகில் கடலுக்குப் புறப்பட்ட கணவர், ஐஸ் கம்பெனிக்குக் கொடுக்கவேண்டிய பாக்கியைப் பற்றி ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தார். பேக்கப்பிலிருந்து பழைய உரையாடல்கள் எல்லாம் திரும்பிவிட்டன. அந்த ஒரு செய்தி மட்டும் திறக்கவில்லை. "பேக்கப்பை இன்னொரு தடவை ஏத்துனா வந்துடுமாண்ணே?" என்று பையன் கேட்டான்.

வராது. வாட்ஸ்அப் செய்திகள் அனுப்புகிறவரின் கைபேசியிலேயே பூட்டப்பட்டு, பெறுகிறவரின் கைபேசியில் மட்டுமே திறக்கின்றன. அதற்கான சாவி பெறுகிறவரின் கருவிக்குள் இருக்கிறதே தவிர, வாட்ஸ்அப்பின் சர்வரிலோ கூகுள் கணக்கில் ஏறும் பேக்கப்பிலோ இல்லை. செயலியை நீக்கும்போது அந்தச் சாவி அழிகிறது, மறுபடி நிறுவும்போது புதியது உருவாகிறது. கணவரின் கைபேசிக்கு இந்த மாற்றம் தெரியாததால், அது பழைய சாவிக்கு ஏற்பவே செய்தியைப் பூட்டி அனுப்பியது. சர்வர் அதை வைத்திருந்து, செயலி மீண்டும் வந்ததும் ஒப்படைத்தது. மனைவியின் கைபேசியால் அதைத் திறக்க முடியவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் கைபேசி, "புதிய சாவிக்குப் பூட்டி மறுபடி அனுப்பு" என்று அனுப்பியவரின் கைபேசிக்குத் தானாகவே கேட்டு அனுப்பும். அந்தப் பதிலுக்காகக் காத்திருப்பதைத்தான் திரையில் நிற்கும் வரி சொல்கிறது.

ஆகவே தீர்வு அனுப்பியவரின் கைபேசியில் இருக்கிறது. கரையை விட்டுச் சற்று விலகினால் டவர் கிடைக்காத நம் கடலில், படகு திரும்பும்வரை அந்தக் கோரிக்கை அவரைச் சென்றடையாது என்பதால், எதையும் தொடாமல் காத்திருக்கச் சொல்லி அனுப்பினேன். இன்னொரு முறை நீக்கி நிறுவியிருந்தால் சாவி மறுபடி மாறி, வேலை முதலிலிருந்து தொடங்கியிருக்கும். மறுநாள் படகு கரை சேர்ந்து, கணவர் வாட்ஸ்அப்பைத் திறந்ததும் குரல் செய்தி வந்துவிட்டது. கைபேசியில் இணைய இணைப்பு இருந்தால் மட்டும் எப்போதும் போதாது. பேட்டரியைச் சேமிக்கும் அமைப்புகள் செயலியைப் பின்னணியில் இயங்கவிடாமல் தடுப்பதால், அனுப்பியவர் வாட்ஸ்அப்பைத் திறந்து சற்று நேரம் வைத்திருப்பது நல்லது.

அப்படியும் திறக்காவிட்டால், இருவரும் பிளே ஸ்டோரில் வாட்ஸ்அப்பைப் புதுப்பித்துக்கொண்டு, அனுப்பியவரிடம் ஒரு புதிய செய்தி அனுப்பச் சொல்லுங்கள். புதியது சரியாக வந்தால் தொடர்பு சீராகிவிட்டது என்று பொருள். பழைய செய்தியை அவர் அழுத்திப் பிடித்து, உங்களுக்கே ஃபார்வர்டு செய்தால் அது புதிய சாவிக்குப் பூட்டப்பட்டு வந்துசேரும். அனுப்பியவர் அதைத் தம் கைபேசியில் அழித்திருந்தாலோ, அவரும் இடையில் பேக்கப் இல்லாமல் செயலியை நீக்கி நிறுவியிருந்தாலோ மறுபடி அனுப்ப அவரிடம் எதுவும் இருக்காது. அந்தச் செய்தி போனதுதான்.

குழுக்களில் இது குழப்பமாகத் தோன்றும். ஒவ்வொருவரின் செய்தியையும் அவரவர் கைபேசிதான் மறுபடி பூட்டி அனுப்பவேண்டும் என்பதால், ஊரில் இருப்பவர்களின் செய்திகள் உடனே திறந்து, கடலில் இருப்பவரின் செய்தி மட்டும் நிற்கும். கைபேசியில் தெரியும் செய்தி, இணைத்திருக்கும் கணினியில் மட்டும் நின்றால் காரணம் அந்தக் கருவியின் சாவிதான். கைபேசியில் வாட்ஸ்அப்பைத் திறந்து சற்றுப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் கணினியின் இணைப்பை மட்டும் துண்டித்து மறுபடி இணைத்தால் போதும், கைபேசியில் இருப்பதை நீக்கவேண்டாம்.

நின்றுபோன செய்தியைத் திறந்து தருவதாகச் சொல்லும் செயலிகளையோ ஆட்களையோ நம்பவேண்டாம். சாவி இல்லாமல் எவராலும் அதைத் திறக்க முடியாது. குறுஞ்செய்தியில் வரும் ஆறு இலக்க எண்ணைக் கேட்கிறார்கள் என்றால், அவர்கள் கைப்பற்ற நினைப்பது உங்கள் கணக்கை. உங்களோடு உரையாடும் ஒருவரின் பாதுகாப்புக் குறியீடு மாறியதாக அறிவிப்பு வந்தால், அவர் செயலியை மறுபடி நிறுவியிருக்கலாம், புதுக் கைபேசிக்கு மாறியிருக்கலாம், அல்லது வேறொருவர் அவருடைய எண்ணில் நுழைந்திருக்கலாம். அந்த அறிவிப்பை ஒட்டிப் பணம் கேட்டுச் செய்தி வந்தால், சாதாரண அழைப்பில் கூப்பிட்டு அவர் குரலைக் கேட்டபின் அனுப்புங்கள்.