உங்கள் பக்கத்தில் இன்னொருவர் சரக்கு

எம்.சி. ரோடு, பழைய வண்ணாரப்பேட்டை வியாபாரிகள் பலருக்கு ஆன்லைன் கணக்கு திறந்து கொடுத்திருக்கிறேன். அதில் காட்டன் நைட்டி தைத்து விற்கும் ஓர் அக்காவுக்கு நடந்ததை எல்லா விற்பனையாளர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

"சார், எங்க துணி சாயமே போகாது. சாயம் போகுதுன்னு ஒரு ஸ்டார் போட்டிருக்காங்க" என்றார். விமர்சனத்தோடு வந்திருந்த படத்தில் நைட்டியின் கழுத்துப் பட்டி வேறு. அது அவர் தைத்ததே இல்லை.

சில பெரிய தளங்களில் ஒரு பொருளுக்கு ஒரே பக்கம்தான். அதே பொருள் தன்னிடமும் இருக்கிறது என்று சொல்லி வேறொருவர் அந்தப் பக்கத்தில் சேர்ந்துகொள்ளலாம். அக்கா பிராண்ட் என்ற இடத்தில் 'ஜெனரிக்' என்று போட்டிருந்தார். பெயரே இல்லாத பொருளுக்கு அவர்தான் சொந்தக்காரர் என்று எப்படி நிரூபிப்பது? வந்தவர் விலையைக் கொஞ்சம் குறைத்தார். 'வாங்கு' பொத்தான் அவர் பக்கம் போனது. படமும் பழைய நட்சத்திரங்களும் அக்காவுடையவை, போன சரக்கு வேறொருவருடையது.

இதைக் கண்டுபிடிக்க ஓர் அறிகுறி உண்டு. பக்கத்தைப் பார்ப்பவர் எண்ணிக்கை அப்படியே இருக்கும், ஆர்டர் மட்டும் சரியும். உடனே 'பிற விற்பனையாளர்கள்' பகுதியைத் திறந்து பாருங்கள். அங்கே புதிய பெயர் இருந்தால் அவரிடமே ஒன்று ஆர்டர் செய்து, வந்த சரக்கைப் பில்லோடு படம் எடுத்து வையுங்கள். புகாருக்கு அதுதான் ஆதாரம்.

நிரந்தர வழி, பிராண்ட் பெயரை டிரேட்மார்க்காகப் பதிவு செய்வது. பொருள்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள், ஆடைக்கு 25-ஆம் வகுப்பு. ஆன்லைனில் விண்ணப்பிக்கும் தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் வகுப்புக்கு 4,500 ரூபாய் அரசுக் கட்டணம். பெயரில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அக்கா முதலில் சொன்னது 'சென்னை காட்டன் நைட்டி'. ஊரும் துணியும் மட்டும் சொல்லும் பெயருக்கு யாரும் தனியுரிமை கொண்டாட முடியாது. அத்தகைய பெயருக்கு 1999 டிரேட்மார்க் சட்டத்தின் 9-ஆம் பிரிவில் ஆட்சேபம் வரும். பொருளை வர்ணிக்காத பெயராகத் தேடச் சொன்னேன். விண்ணப்பித்ததும் ™ போடலாம். பதிவாகும் முன் ® போடுவது குற்றம்.

பிராண்ட் சொந்தக்காரர்கள் தங்கள் பெயரைப் பதிந்துகொள்ளும் அமேசானின் பிராண்ட் ரெஜிஸ்ட்ரியில், நிலுவையிலுள்ள டிரேட்மார்க் விண்ணப்பத்தை வைத்தே சேரலாம். ஆனால் பெயர் பொருளிலோ பேக்கிங்கிலோ நிரந்தரமாக இருக்கும் படம் கேட்பார்கள். ஒட்டிய ஸ்டிக்கர் போதாது. கழுத்தில் நெய்த லேபிளைத் தைத்துவிடுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். மொத்தக் கடையில் எல்லோரும் எடுக்கும் அதே நைட்டியில் உங்கள் லேபிளைத் தைத்தால், உங்கள் பெயரைத்தான் காக்க முடியும். அதே நைட்டியைப் பக்கத்துக் கடைக்காரர் தனிப் பக்கத்தில் விற்பதைத் தடுக்க முடியாது.

பெயரைக் காத்தால் போதாது, வாங்கியவர் உங்களிடம் பேசவும் வழி வேண்டும். வாடிக்கையாளரின் எண்ணைத் தளம் தராது. பார்சலுக்குள் "நேரடியாக எங்களிடம் வாங்குங்கள்" என்று சீட்டு வைத்தால் தளம் உங்கள் கணக்கையே முடக்கலாம். ஆனால் பேக்கெட்டின் மேல் தயாரிப்பாளர் பெயர், முகவரி, புகாருக்கான போன், மின்னஞ்சல் இருக்க வேண்டும் என்பது சட்டம். பலர் அதைக் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் அச்சிடுகிறார்கள். அதைப் பெரிதாகத் தமிழிலும் அச்சிட்டு, அந்த எண்ணுக்கு வரும் அழைப்பை நீங்களே எடுங்கள்.